ஸ்பைருலினா பவுடர்... பச்சையா இருந்தா மட்டும் போதுமா?

ஸ்மூத்தியில் ஒரு ஸ்பூன் ஸ்பைருலினா, காலையில் ரெண்டு குளோரெல்லா மாத்திரை. இப்போ பலரோட டயட்டில் இது சகஜம். ஸ்பைருலினாவின் எடையில் பாதிக்கு மேல் புரதம்தான். ஆனா, ஒரு ஸ்பூன்னா சுமார் 5 கிராம். அதில் கிடைப்பது 3 கிராம் புரதம், அதாவது அரை முட்டை அளவு. அதில் இருக்கும் பி12-ல் பெரும்பகுதி நம்ம உடம்புக்குப் பயன்படாத வகை. அதனால், பி12-க்காக இதை நம்ப வேண்டாம்.

பெரிய கவலை வேற. ஸ்பைருலினா தானாக நச்சை உருவாக்காது. குளத்தில் கூடவே வளரும் வேறு பாசிகள்தான் 'மைக்ரோசிஸ்டின்' என்ற நச்சை உருவாக்கும். இது கல்லீரலைத் தாக்கும். காய வைத்தாலும், கொதிக்க வைத்தாலும் போகாது. நிறம், வாசனை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.

அமெரிக்காவின் ஒரேகான் மாகாணத்தில் க்ளாமத் ஏரி இருக்கு. அங்கே இயற்கையாக வளரும் ஏ.எஃப்.ஏ என்ற நீலப்பச்சைப் பாசியை அள்ளி சப்ளிமென்ட்டாக விற்றார்கள். 1996-ல் அந்த ஏரியில் நச்சுப்பாசி பெருகியது. அடுத்த வருஷமே, ஒரு கிராம் பவுடரில் 1 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டினுக்கு மேல் இருக்கக் கூடாதுன்னு அந்த மாகாணம் வரம்பு வைத்தது. பிறகு கடைகளில் கிடைத்த பாசிப் பொருட்களில் 87 மாதிரிகளைச் சோதித்தபோது, 63 மாதிரிகள் அந்த வரம்பைத் தாண்டியிருந்தன.

அந்த வரம்பே எல்லாருக்கும் போதுமானது இல்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வரைதான் பாதுகாப்பு. வரம்புக்குள் இருக்கும் பவுடரைக்கூட 5 கிராம் சாப்பிட்டா, 5 மைக்ரோகிராம் வரை உள்ளே போகலாம். 15 கிலோ குழந்தைக்கு 0.6 மைக்ரோகிராம்தான் எல்லை. அதனால், குழந்தைகளுக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

ஸ்பைருலினாவை உப்புத்தன்மையும் காரத்தன்மையும் அதிகமான தொட்டித் தண்ணீரில் வளர்ப்பதால், மற்ற பாசிகள் வளர்வது கஷ்டம். ஆனாலும் சோதனை தேவை. வாங்கும்போது, அந்த பேட்ச்சுக்கு மைக்ரோசிஸ்டின், ஈயம் போன்ற உலோகங்களுக்கான ஆய்வக அறிக்கை இருக்கான்னு கேளுங்க. கொடுக்கத் தயங்கினால், வாங்காதீங்க.

தைராய்டு இருக்கா? பல பேருக்கு அதன் பின்னால் இருப்பது ஹாஷிமோட்டோ என்ற ஆட்டோஇம்யூன் பிரச்னை. அதாவது, நம்ம நோய் எதிர்ப்பு அணுக்களே தைராய்டைத் தாக்கும். ஸ்பைருலினா அந்த அணுக்களைத் தூண்டக்கூடும். இதைச் சாப்பிட்ட பிறகு ஆட்டோஇம்யூன் தோல் நோய் தீவிரமான நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அதனால் ஹாஷிமோட்டோ, லூபஸ், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் குளோரெல்லா பற்றிச் சொல்லிடுங்க. அதில் இருக்கும் வைட்டமின் கே, மருந்தின் வேலையைக் குறைச்சிடும்.