பெயர் இருக்கும், அறை எண் இருக்காது

மார்ச் மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது ஆசிரியர் அறையில் முதலில் விசாரிக்கப்படுவது ஹால் டியூட்டிதான். எந்த மையம், எந்தெந்த நாள், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் பணி ஆணையில் இருக்கும். எந்த அறை என்பது மட்டும் இருக்காது. அது விடுபட்டுப்போனதல்ல. யார் எந்த அறைக்குப் போவது என்பது தேர்வு நாள் காலையில், மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர் முன்னிலையில், குலுக்கல் முறையில் முடிவாகிறது. முந்தைய நாளே தெரிந்துவிட்டால், 'என் பையன் அந்த அறையில்தான் இருக்கிறான், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று யாராவது வந்து நிற்பார்கள்.

ஒரு மையத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 187 பேர் எழுதுகிறார்கள். அறைக்கு இருபது பேர் என்றால் ஒன்பது அறைகள் நிரம்பி, பத்தாவதில் ஏழு பேர் அமர்வார்கள். ஆக பத்து அறைக் கண்காணிப்பாளர்கள். கூடவே இரண்டு ரிசர்வ் ஆசிரியர்கள். சொல்வதை எழுதுபவர் உதவியோடு தேர்வெழுதும் மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் இருந்தால், அவருக்குத் தனி அறை, தனிக் கண்காணிப்பாளர். அந்த மாணவருக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு. மற்ற அறைகளில் 1.15-க்கு மணி அடித்தாலும் அந்த அறை ஆசிரியருக்கு 2.15 ஆகும். மதியம் வேறு வேலை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

தேர்வு பத்து மணிக்கு. வரச் சொல்வதோ ஒரு மணி நேரத்துக்கும் முன்னதாக. அந்த நேரம் வீணாவதில்லை. வருகைப் பதிவில் கையெழுத்திட்டு, செல்போனை ஒப்படைத்து, குலுக்கலில் அறையைப் பெற்று, முகப்புத்தாள் தைத்த விடைத்தாள்களை எண்ணி வாங்க வேண்டும். முகப்புத்தாளில் மாணவரின் படமும் பதிவெண்ணும் அச்சாகி இருக்கும். அது வேறொருவர் மேசைக்கு மாறிப் போய்விட்டால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. வினாத்தாள் உறையின் முத்திரை பிரிக்கப்படவில்லை என்பதற்கு இரண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்கியபின்தான் அதைத் திறக்கலாம். பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். பத்து நிமிடம் படிக்க, ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15-க்கு எழுதத் தொடங்குவார்கள். ஒன்பதரைக்கு மூச்சிரைக்க வந்து சேரும் ஆசிரியரால் இத்தனையையும் நிதானமாகச் செய்ய முடியாது.

இனி, அதிகம் சிக்கலாகும் விஷயத்துக்கு வருவோம்: நாள் மாற்றிக்கொள்வது. ஒரு கணித ஆசிரியைக்கு இயற்பியல் தேர்வு நாளில் டியூட்டி. அன்று அவருடைய அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. அதே மையத்துக்கு வரும் பொருளியல் ஆசிரியர், "நீங்க கவலைப்படாதீங்க டீச்சர், அன்னைக்கு நான் போறேன். எனக்குக் கணிதத் தேர்வு அன்னைக்குப் போட்டிருக்காங்க, அதை நீங்க பார்த்துக்குங்க" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமுமே செல்லாது. தேர்வு நடக்கும் பாடத்தை நடத்துகிற ஆசிரியர் அன்று அறைக் கண்காணிப்பாளராக இருக்கக் கூடாது. கணிதத் தேர்வு நாளில் அவர் நிற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் உடனே புரியும். பலருக்குத் தட்டாமல் போவது மற்றது. இயற்பியலும் பொருளியலும் ஒரே நாளில் நடப்பவை. அறிவியல் பிரிவு இயற்பியல் எழுதும்போது, வணிகவியல் பிரிவு பக்கத்து அறையில் பொருளியல் எழுதிக்கொண்டிருக்கும். அவர்கள் அட்டவணையில் ஒரு பாடத்தை மட்டும் பார்த்துப் பேசிவிட்டார்கள்.

அதனால்தான் பொதுத்தேர்வில் இருவர் தமக்குள் பேசி முடிப்பதை மாற்றமாக ஏற்பதில்லை. ஆசிரியை காரணத்தை எழுதி, மருத்துவமனைச் சீட்டை இணைத்து, தன் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மாற்று ஆசிரியரை அவரே தேட வேண்டியதில்லை. பட்டியலை வைத்திருப்பவர்கள்தான் மூன்று விஷயங்களைப் பார்த்து முடிவு செய்ய முடியும்: வருபவர் அன்றைய பாடங்கள் எதையும் நடத்துபவரா, அவர் பள்ளி மாணவர்கள் அந்த மையத்தில் எழுதுகிறார்களா, அவருடைய பிள்ளையோ உறவினரோ அங்கே தேர்வெழுதுகிறார்களா. நம் உதாரணத்தில் ரிசர்வில் இருக்கும் தமிழாசிரியர் இந்த மூன்றையும் தாண்டிவிடுகிறார். அவர் பெயரில் எழுத்து மூலம் மாற்றம் பதிவானால் விஷயம் முடிந்தது.

பள்ளிக்குள் நடக்கும் அரையாண்டு, திருப்புதல் தேர்வுகளில் இவ்வளவு கெடுபிடி இல்லை. அங்கே இருவர் கையெழுத்திட்ட ஒரு தாள், தேர்வுப் பொறுப்பாசிரியரின் ஒப்புதல், சுவரில் ஒட்டிய பட்டியலில் அடித்தெழுதிய திருத்தம், இவை போதும். அடித்தெழுதுவதைத் தவறவிட்டால்தான் வம்பு. இவர் அவர் வருவார் என்றும், அவர் இவர் போவார் என்றும் இருக்க, மணி அடித்தபின் நாற்பது பிள்ளைகள் ஆசிரியர் இல்லாத அறையில் வினாத்தாளுக்காகக் காத்திருப்பார்கள். வாய்மொழியாக மாற்றிக்கொண்டிருந்தால், பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.