காய்ச்சி உருட்டும் செம்பு, காய்ச்சாமல் இழுக்கும் கம்பி

வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயரின் உறையை உரித்தால் உள்ளே மெல்லிய செப்பு இழைகள் ஒரு கற்றையாக இருக்கும். ஒவ்வோர் இழையின் விட்டமும் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர்தான். அந்த இழை 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கம்பியாக ஆலைக்குள் நுழைந்தது. அங்கே ஒரு மீட்டராக இருந்தது இங்கே எழுநூறு மீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது.

இந்தப் பயணத்தின் நடுவில் ஒரு திருப்பம் உண்டு. வார்த்த செம்பை 8 மில்லிமீட்டருக்குக் கொண்டுவரும் வரை சிவக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குகிறார்கள். அதன்பின் ஆறவைத்துவிட்டு, காய்ச்சாமலேயே அச்சுத் துளைகள் வழியாக இழுக்கிறார்கள். சூட்டில் செம்பு இளகிக் கொடுக்கும் என்றால், கடைசிவரை சூட்டிலேயே இழுத்தால் என்ன?

விடைக்கு, முதலில் உலோகத்தின் உள்ளே பார்க்க வேண்டும். உலோகம் கண்ணுக்குத் தெரியாத மணிகளால் ஆனது. நசுக்கினாலும் இழுத்தாலும் அந்த மணிகள் நீண்டு, உள்ளமைப்பு சிக்குண்டு, உலோகம் இறுகிக்கொண்டே போகும். போதிய சூடு இருந்தால் சிக்குண்ட மணிகள் மறைந்து புதிய மணிகள் பிறக்கும். உலோகம் மீண்டும் மெதுவாகும். நசுக்கும்போதே இப்படிப் புதுப்பித்துக்கொள்ளும் வெப்பநிலையில் செய்வது சூட்டுவேலை. அதற்குக் கீழே செய்வது குளிர்வேலை. கை சுடுகிறதா இல்லையா என்பது இதில் கணக்கே இல்லை. 327 டிகிரி செல்சியஸில் உருகும் ஈயத்துக்கு நம் அறையின் வெப்பமே சூட்டுவேலைக்குப் போதும். எவ்வளவு தட்டினாலும் அது இறுகாது. 3,400 டிகிரிக்கு மேல் உருகும் டங்ஸ்டனோ, 1,000 டிகிரியில் தகதகத்தாலும் அதன் கணக்கில் குளிர்ந்துதான் இருக்கிறது.

பெரிய அளவில் உருவம் மாற்றச் சூடு, அளவும் பளபளப்பும் வலுவும் துல்லியமாக வேண்டுமென்றால் குளிர் என்பது பொது வழக்கம். நம் சமையலறை எவர்சில்வர் தட்டு இரண்டையும் கண்டது. தடித்த பாளத்தை 1,200 டிகிரி அளவுக்குக் காய்ச்சி, சில மில்லிமீட்டர் தகடாகும்வரை உருட்டுவார்கள். அந்தச் சூட்டில் மேற்பரப்பில் கருஞ்செதில் படிகிறது. ஆறும்போது சுருங்குவதால் அளவும் சற்று முன்பின் ஆகிறது. ஆகவே செதிலை அமிலத்தில் கரைத்து நீக்கி, பிறகு குளிர்நிலையில் உருட்டி மெல்லிய, மினுமினுக்கும் தகடாக்குகிறார்கள். இவை தனித்தனி ஆலைகளாகவே இயங்க முடியும். சேலம் உருக்காலை 1981இல் குளிர் உருட்டலோடுதான் தொடங்கியது. சூட்டு உருட்டல் ஆலை அங்கே வந்தது 1995இல்.

ஃபோர்ஜிங் என்ற அடித்து உருவாக்கும் முறையிலும் இதே பிரிவினை உண்டு. எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டைப் போல வளைந்து நெளிந்த பெரிய பொருளைச் செஞ்சூட்டில்தான் அச்சுக்குள் அடிக்க முடியும். உலோகத்தின் இழையோட்டம் வளைவுகளோடு சேர்ந்து வளைவதால், அதே வடிவத்தைக் கட்டியிலிருந்து கடைந்து எடுப்பதைவிட இது வலுவாக இருக்கும். சிறிய போல்ட்டின் தலையையோ குளிர்ந்த கம்பியின் நுனியில் அடித்தே உருவாக்கிவிடுகிறார்கள்.

உருட்டலும் அடித்தலும் நசுக்குகிற வேலைகள். கம்பியின் புதிர் அவிழ வேண்டுமானால் அதற்கு மிக நெருங்கிய உறவான எக்ஸ்ட்ரூஷனோடு ஒப்பிட வேண்டும். முறுக்குக் குழலில் மாவைப் பிழிவதுபோல, 450 டிகிரிக்கு மேல் காய்ச்சிய அலுமினியக் கட்டியைக் கனத்த உருளைக்குள் வைத்து, பின்னாலிருந்து தள்ளி, அச்சுத் துளை வழியே பிதுக்குகிறார்கள். ஜன்னல் சட்டங்களின் சிக்கலான வெட்டுமுகம் ஒரே தள்ளலில் வந்துவிடும். நாற்புறமும் உலோகம் அடைபட்டிருப்பதால் பரப்பை நாற்பதில் ஒரு பங்காகக்கூட ஒரே மூச்சில் குறைக்கலாம். பிதுங்கி வந்த பகுதி எந்தச் சுமையையும் தாங்க வேண்டியதில்லை. அது வெறுமனே வெளியே நகர்ந்தால் போதும்.

கம்பி இழுப்பிலும் உலோகம் துளைக்குள் புகுந்துதான் மெலிகிறது. ஆனால் விசை முன்னாலிருந்து வருகிறது. மெலிந்து வெளியே வந்த கம்பியேதான் தனக்குப் பின்னால் இருக்கும் தடித்த பகுதியைத் துளைக்குள் இழுத்து வர வேண்டும். அதிகம் மெலியச் செய்தால் முன்பகுதி தாங்காமல் அறுந்துவிடும். உராய்வே இல்லை, கம்பி இறுகவும் இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டாலும், ஓர் இழுப்பில் பரப்பை 63 சதவீதத்துக்கு மேல் குறைக்க முடியாது. தொழிற்சாலைகளில் செம்புக்கு ஏறக்குறைய 20 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

காய்ச்சாமல் இழுப்பதன் காரணமும் இதுதான். சூட்டில், வெளியே வந்த மெல்லிய கம்பி பின்னால் உள்ளதைப் போலவே இளகியிருக்கும். எங்காவது ஓர் இடம் சற்று மெலிந்தால் அந்த இடமே மேலும் மேலும் நீண்டு அறும். குளிரில் நிலைமை தலைகீழ். துளையைத் தாண்டிய கம்பி இறுகிவிடுவதால், மெலிந்தும் பின்னால் உள்ளதை இழுக்கும் தெம்பு அதற்கு வந்துவிடுகிறது. மற்ற வேலைகளில் தொல்லையாகத் தெரியும் இறுக்கம் இங்கே வேலையையே நடத்திக்கொடுக்கிறது.

ஒரு தடவைக்கு 20 சதவீதம் என்றால், 8 மில்லிமீட்டரிலிருந்து 0.3க்கு வர ஏறத்தாழ முப்பது அச்சுகள் தேவை. இவற்றை வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் பின் கம்பியைச் சுற்றி இழுக்கும் ஓர் உருளையை வைக்கிறார்கள். ஒவ்வோர் அச்சிலும் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் கம்பி முன்னைவிட ஒன்றேகால் மடங்கு வேகமாக வெளியேறும். அடுத்த உருளை அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துச் சுழல வேண்டும். ஓர் அச்சு தேய்ந்து துளை பெரிதானாலும் இந்தக் கணக்கு குலைந்து, எங்கோ ஒரு கட்டத்தில் கம்பி அறுந்துவிடும். பெயர்தான் குளிர்வேலை, உருமாற்றமும் உராய்வும் கிளப்பும் சூட்டைத் தணிக்க எண்ணெய் கலந்த நீரை இடைவிடாமல் பாய்ச்ச வேண்டியிருக்கிறது.

வெளியே தெரியாத ஆபத்து கம்பியின் நடுவில் இருக்கிறது. அச்சின் சரிவு அதிகமாகவும் மெலிவு மிகக் குறைவாகவும் இருந்தால், தோல்பகுதி மட்டும் நசுங்கி நீள, நடுப்பகுதி பிய்த்து இழுபடும். உள்ளே அம்புமுனை வடிவில், சீரான இடைவெளியில் விரிசல்கள் விழும். மேற்பரப்போ வழவழவென்று இருக்கும். கம்பி அறும்போதுதான் குட்டு வெளிப்படும்: ஒரு முனையில் சிறு குழி, மறுமுனையில் அதற்குப் பொருந்தும் கூம்பு. அளவுக்கு மீறி இழுத்ததால் அறுந்த நல்ல செம்பில் அப்படி இருக்காது. அது படிப்படியாக மெலிந்து கூராகி அறுந்திருக்கும். அனுபவமுள்ளவர் இயந்திரத்தை முடுக்கும் முன் அறுந்த இரு முனைகளையும் எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இழுத்து முடித்த கம்பி விறைத்திருக்கும். பொற்கொல்லர் தங்கக் கம்பியை இழுக்கும்போது இடையிடையே நெருப்பில் காட்டி இளக்குவதுபோல, ஆலையில் ஓடுகிற கம்பிக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சிக் காய்ச்சி மெதுவாக்குகிறார்கள். வீட்டு வயர் வளைந்து கொடுக்கக் காரணம் இந்த இளக்கல். ரயில் பாதைக்கு மேலே ஓடும் மின்கம்பியை இப்படி இளக்குவதில்லை. 107 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள அந்தச் செப்புக் கம்பி இழுத்துக் கட்டப்பட்டுத் தொங்க வேண்டும், ஓடும் எஞ்சினின் உரசலையும் தாங்க வேண்டும். அதனால் மின்கடத்தலில் இரண்டு மூன்று சதவீதம் குறைந்தாலும் பரவாயில்லை என்று, குளிரில் இழுத்த இறுக்கத்தை அப்படியே விட்டுவைக்கிறார்கள்.