கடன் அடைந்த பிறகும் மிஞ்சும் நிதி

ஒரு கம்பெனி 10 லட்சம் ரூபாய்க்குக் கடனீட்டுப் பத்திரங்களை, அதாவது டிபென்சர்களை, வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரவேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் முதலைத் திருப்ப வேண்டும். இதற்குக் கணக்கு எழுதுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இரண்டு இடங்களில்: வட்டியில் வரியைப் பிடிக்கும்போது ஒன்று, கடைசியில் கடனை அடைக்கும்போது இன்னொன்று.

அரையாண்டு வட்டி 60,000 ரூபாய். 10 சதவீத டி.டி.எஸ். என்றால் 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 54,000 ரூபாயைக் கம்பெனி கொடுக்கும். வங்கியிலிருந்து போனது 54,000தான் என்பதால் அதையே வட்டிச் செலவாக எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. செலவு 60,000 ரூபாய்தான். பிடித்த 6,000 பத்திரதாரருடைய வரி. அரசுக்குக் கட்டும்வரை அது கம்பெனியின் கையில் இருக்கும் கடன். ஆகவே கடனீட்டுப் பத்திர வட்டிக் கணக்கில் 60,000 பற்று, பத்திரதாரர் கணக்கில் 54,000 வரவு, டி.டி.எஸ். செலுத்தவேண்டிய கணக்கில் 6,000 வரவு. பிறகு பத்திரதாரருக்குப் பணம் கொடுக்கும்போது ஒரு பதிவும், வரியைக் கட்டும்போது ஒரு பதிவும் போட்டால் இரண்டு கடனும் தீர்ந்துவிடும். மார்ச் மாதம் தவிர மற்ற மாதங்களில் பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டவேண்டும்.

சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஆண்டு முடிவில் இலாபநட்டக் கணக்குக்குப் போகும் வட்டி 1,20,000 ரூபாயாக, அதாவது 10 லட்சத்தில் 12 சதவீதமாக, இருக்கவேண்டும். 1,08,000 என்று இருந்தால் டி.டி.எஸ்.ஸைச் செலவிலிருந்து கழித்துவிட்டார்கள் என்று பொருள்.

இனி முதல் தொகை. இதற்காகச் சேர்ப்பதுதான் சிங்கிங் ஃபண்ட். சட்டம் இவ்வளவு கேட்பதில்லை. பட்டியலிடப்படாத சாதாரணக் கம்பெனி, நிலுவையில் இருக்கும் பத்திரங்களின் மதிப்பில் 10 சதவீதத்தை மீட்புக் காப்பாக ஒதுக்கினால் போதும் என்று 2019இல் விதி தளர்ந்தது. என்றாலும் முழுத் தொகையையும் சேர்ப்பதுதான் பாதுகாப்பான வழி என்பேன்.

முதலீட்டுக்கு 5 சதவீத வட்டி கிடைக்கும் என்றால், மூன்று ஆண்டில் 10 லட்சம் சேர ஆண்டுக்கு 3,17,209 ரூபாய் ஒதுக்கவேண்டும். முதல் ஆண்டு முடிவில் இலாபப் பகிர்வுக் கணக்கில் பற்று, சிங்கிங் ஃபண்டில் வரவு. அதே தொகைக்குப் பத்திரங்கள் வாங்கினால் சிங்கிங் ஃபண்ட் முதலீட்டுக் கணக்கில் பற்று, வங்கிக் கணக்கில் வரவு. ஒன்று ஒதுக்கிய இலாபம், மற்றொன்று உண்மையில் வெளியே போட்ட பணம். இந்த இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் முதலீட்டுக்கு 15,860 ரூபாய் வட்டி வருகிறது. இப்போது பணம் தருபவர் வரியைப் பிடிக்கிறார். கைக்கு வருவது 14,274. பிடித்த 1,586 கம்பெனியின் சொந்த வரிக்கணக்கில் ஈடுசெய்யப்படும் என்பதால் அது சொத்து. ஃபண்டில் 15,860 முழுதும் வரவாகவேண்டும். 14,274ஐ மட்டும் மறுமுதலீடு செய்தால் சேமிப்பு குறைந்துபோகும். குறையும் 1,586ஐக் கம்பெனி தன் வங்கிப் பணத்திலிருந்து போடவேண்டும். புதிய ஒதுக்கீடும் சேர்ந்து அந்த ஆண்டு முதலீடு 3,33,069, மொத்தம் 6,50,278.

மூன்றாம் ஆண்டில் வட்டி 32,514 ரூபாயும் ஒதுக்கீடும் ஃபண்டில் ஏறும். முழு ரூபாயாக்கியதால் 10,00,001 வரும். ஆனால் உடனே கடனைத் தீர்க்க வேண்டியிருப்பதால் இந்த முறை முதலீடு கிடையாது. பழைய முதலீடு 6,60,000க்கு விற்றால் 9,722 இலாபம். அதுவும் ஃபண்டுக்கே போய் இருப்பு 10,09,723 ஆகும்.

பத்திரக் கணக்கில் 10 லட்சம் பற்று, பத்திரதாரர் கணக்கில் வரவு; பிறகு பத்திரதாரர் கணக்கில் பற்று, வங்கிக் கணக்கில் வரவு. இங்கேதான் பலர் ஃபண்டைப் பற்று எழுதிப் பத்திரங்களை ரத்து செய்துவிடுகிறார்கள். அது கூடாது. பத்திரதாரருக்குப் போனது வங்கிப் பணம். அது முதலீட்டை விற்றும் அந்த ஆண்டு வரவுகளிலிருந்தும் வந்தது. ஃபண்ட் என்பது பங்குதாரருக்குப் பங்கிடாமல் நிறுத்திவைத்த இலாபம். கடன் தீர்ந்ததால் அந்த இலாபம் காணாமல் போவதில்லை, அதை நிறுத்திவைக்கும் தேவைதான் முடிகிறது. எனவே சிங்கிங் ஃபண்டில் 10,09,723 பற்று, பொதுக் காப்பில் வரவு. பத்திரங்களை 5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து மீட்டு, அந்த 50,000 ரூபாயை ஃபண்டிலிருந்தே ஈடுகட்டினால், பொதுக் காப்புக்கு 9,59,723 ரூபாய் போகும்.