கட்டிப்பிடித்த படத்தில் நாய் சிரிக்கிறதா?

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் படம் அது. ஏழு வயதுச் சிறுமி வீட்டு லாப்ரடாரின் கழுத்தை இரு கையாலும் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். கீழே வரிசையாக இதயக் குறிகள். சிறுமியின் முகத்தை விரலால் மறைத்துவிட்டு நாயை மட்டும் பாருங்கள்.

வாய் இறுக மூடியிருக்கிறது. தலையைச் சிறுமியிடமிருந்து அப்பால் திருப்பியிருக்கிறது. ஆனால் பார்வை ஓரக்கண்ணால் அவள்மேலேயே இருப்பதால், விழியின் வெள்ளை பிறை போலத் தெரிகிறது. காதுகள் பின்னுக்குப் போய் ஒட்டியிருக்கின்றன. இவை ஒன்றுசேர்ந்து தெரிந்தால் நாய்க்கு அந்த அணைப்பு பிடிக்கவில்லை. பிடிக்காத இடத்திலிருந்து விலகிப் போவதுதான் நாயின் முதல் வழி. கழுத்தைச் சுற்றிய கை அந்த வழியை அடைத்துவிடுகிறது.

கனடாவின் உளவியலாளர் ஸ்டான்லி கோரன், மனிதர்கள் நாயைக் கட்டிப்பிடித்திருக்கும் 250 படங்களை இணையத்திலிருந்து எடுத்துப் பார்த்து 2016-இல் எழுதினார். ஐந்தில் நான்கு படங்களில் நாயிடம் சங்கடத்தின் அடையாளம் ஒன்றாவது இருந்தது. அது முறையான ஆய்வு அல்ல, பத்திரிகைப் பத்திக்காக எண்ணிப் பார்த்ததுதான். ஆனாலும் உங்கள் போனில் உள்ள பழைய படங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்க அது போதும்.

படத்தை நம்புவதற்கும் எல்லை உண்டு. நாக்கால் மூக்கை நக்குவது பதற்றமாக இருக்கலாம். அப்போதுதான் பிஸ்கட் தின்றதாகவும் இருக்கலாம். வாய் திறந்து நாக்குத் தொங்கினால் சிரிப்பு என்கிறோம், சித்திரை வெயிலில் அது வெறும் இளைப்பு. பக் இனத்துக்குச் சும்மா இருக்கும்போதே கண்ணின் வெள்ளை தெரியும். எனவே, அதே நாய் நிம்மதியாகப் படுத்திருக்கும்போது எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் பத்து விநாடி வீடியோ எடுங்கள். உடல் விறைத்து அசையாமல் நிற்பது அதில்தான் தெரியும்.

இதை நேரிலேயே கவனித்துவிட்டால் கத்தாதீர்கள், நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். குழந்தையிடம் மெதுவாகக் கையை எடுக்கச் சொல்லுங்கள்; நாயைச் சற்றுத் தள்ளி நின்று கூப்பிடுங்கள். பிறகு குழந்தைக்கு வேறு பழக்கம் கற்றுக்கொடுக்கலாம்: நெஞ்சுப் பக்கம் மூன்று விநாடி தடவிவிட்டு கையை எடுப்பது. நாய் தானாக நெருங்கி வந்தால் இன்னும் தடவலாம். திரும்பிக்கொண்டால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

இத்தனை சைகையும் பலிக்காதபோதுதான் பெரும்பாலும் நாய் உறுமும். உறுமியதற்காக அடிக்காதீர்கள். அடி வாங்கி உறுமலை விட்ட நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.