குறைத்தால் உடனே, கூட்டினால் 24 மணி நேரம்: சூதாட்டத் தளங்களில் ஏன் இப்படி?

பிரிட்டனில் உரிமம் பெற்ற சூதாட்டத் தளங்களில் உங்கள் பண வரம்பைக் குறைத்தால் உடனே அமலாகும். கூட்டினால் குறைந்தது 24 மணி நேரம் காத்திருந்து, மறுபடியும் உறுதிசெய்ய வேண்டும். ஏன்?

தோற்றதை மீட்கும் வேகத்தில்தான் வரம்பைக் கூட்டத் தோன்றும். அந்த வேகம் தணியவே இந்த இடைவெளி.

வரம்பு எப்படி வேலை செய்கிறது? வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வைப்பு வரம்பு, உள்ளே வரும் நீரை மட்டும் அளக்கும் மீட்டர். இழப்பு வரம்பு, வந்ததையும் போனதையும் கழித்துப் பார்க்கும் கணக்கு.

வாரத்துக்கு 20 பவுண்டு வரம்பு என்று வையுங்கள். 20 போட்டு, 80 ஆக்கி, அதை வெளியே எடுத்துவிட்டீர்கள். வைப்பு வரம்பு அந்த வாரம் மீண்டும் பணம் போட விடாது. இழப்பு வரம்போ உங்களை 60 லாபத்தில் இருப்பவராகக் கணக்கிடும். இனி 80 தோற்ற பிறகே நிறுத்தும். ஆகவே வைப்பு வரம்பை முதலில் வையுங்கள்.

நேர நினைவூட்டல் ஆட்டத்தை நிறுத்தாது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை வையுங்கள். வந்ததும் திரையை விட்டு எழுந்திருங்கள்.

தொகையை எப்படி முடிவுசெய்வது? வாடகை, சாப்பாடு, கடன் போக மிஞ்சுவதில், முழுதும் போனாலும் வீடு தடுமாறாத அளவை எடுங்கள். வரம்பு பொதுவாக ஒரு தளத்தை மட்டுமே கட்டும். மூன்று தளங்களில் ஆடினால் தொகையை மூன்றாகப் பிரியுங்கள்.

வரம்பைக் கூட்ட அடிக்கடி மனம் போகிறதா? அப்போது வரம்பு போதாது, கணக்கையே மூடுங்கள்.