‘மீடியா கிட் அனுப்புங்க’ என்று கேட்டால்...

“வணக்கம் மேடம். உங்க மீடியா கிட்டும் ரேட்டும் அனுப்ப முடியுமா?”

பத்தாயிரம் ஃபாலோயர்களைத் தொட்ட இன்ஸ்டாகிராம் கணக்குகளுக்கு ஒருநாள் இப்படி ஒரு செய்தி வரும். கேட்பவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு விளம்பர ஏஜென்சியில் வேலை செய்பவர். அதே செய்தியை அவர் இன்னும் பலருக்கு அனுப்பியிருப்பார். வரும் பதில்களை எக்செல் ஷீட்டில் அடுக்கி, தேர்வானவர்களின் பட்டியலை பிராண்டிடம் காட்டுவார். அந்த ஷீட்டின் கட்டங்களில் எழுத அவருக்குத் தேவைப்படுவது மூன்று விவரங்கள்தான்: இவரை யார் பார்க்கிறார்கள், இவர் எதைப் பற்றிப் பேசுகிறார், எவ்வளவு கேட்கிறார். மூன்றையும் ஒரே பக்கத்தில் தருவதுதான் மீடியா கிட்.

மதுரையில் மாடித்தோட்டம் பற்றி ரீல்ஸ் போடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 11,400 ஃபாலோயர்கள். இதுவரை ஒரு பிராண்டோடும் வேலை செய்ததில்லை. அவருடைய பக்கம் எப்படி உருவாக வேண்டும்?

பலரும் சறுக்குவது பார்வை எண்ணிக்கையில்தான். அவருடைய கடைசி 12 ரீல்களில் பதினொன்று 2,600 முதல் 5,100 வரை பார்வைகள் பெற்றவை. ஒன்று மட்டும் எப்படியோ ஓடி 92,000-ஐத் தொட்டுவிட்டது. பன்னிரண்டையும் கூட்டி வகுத்தால் சராசரி 11,025. ‘ஒரு ரீலுக்குச் சராசரியாக 11,000 பார்வைகள்’ என்று எழுதினால் கணக்கு சரிதான், ஆனால் பிராண்டுக்காகப் போடும் அடுத்த ரீல் 3,500-ல் நின்றுவிடும். அதன் பிறகு அந்த ஏஜென்சி திரும்ப அழைக்காது.

இதற்கு நேர்மையான வழி, பன்னிரண்டு எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுப்பது. இவருக்கு நடுவில் வரும் இரண்டு எண்கள் 3,600, 3,800. ஆகவே 3,700. ‘கடைசி 12 ரீல்களில் வழக்கமான பார்வை: 3,700. அதிகபட்சம்: 92,000’ என்று இரண்டையும் எழுதலாம். பெரிய வெற்றியை மறைக்கத் தேவையில்லை; அதைத் தன் அன்றாட நிலையாகக் காட்டாமல் இருந்தால் போதும்.

அடுத்து, பார்ப்பவர்கள் யார் என்பது. கணக்கைப் புரொஃபஷனல் அக்கவுன்டாக மாற்றினால் இன்சைட்ஸ் பகுதியில் ஃபாலோயர்களின் ஊர், வயது, பாலினம் ஆகியவை சதவீதமாகக் கிடைக்கும். மதுரை 24, சென்னை 21, கோவை 9 சதவீதம். 25 முதல் 44 வயதுக்காரர்கள் 63 சதவீதம். பெண்கள் 58 சதவீதம் என்று இவருக்கு வருவதாகக் கொள்வோம். விதை, தொட்டி, மண்புழு உரம் விற்கும் தமிழ்நாட்டு நிறுவனத்துக்கு 11,400 என்ற எண்ணைவிட இந்த ஊர்ப் பட்டியல்தான் முக்கியம். மதுரையில் மட்டும் கடை வைத்திருக்கும் நர்சரிக்காரர் அந்த 24 சதவீதத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். காசு கொடுத்து ஃபாலோயர் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். தமிழில் பேசும் கணக்குக்குத் தொடர்பே இல்லாத வெளிநாட்டு நகரங்கள் பட்டியலில் முதலில் நிற்கும். அதனால்தான் ஏஜென்சிகள் இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட்டையும் கேட்கின்றன. அதைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு, எண்கள் எந்தத் தேதியில் எடுத்தவை என்பதைக் கிட்டிலேயே குறிப்பிடுவது நல்லது. தேதியில்லாத எண்ணை யாரும் நம்புவதில்லை.

எதைப் பற்றிப் பேசுகிறார் என்ற பகுதியில் ‘லைஃப்ஸ்டைல்’, ‘தோட்டம்’ போன்ற பெரிய சொற்கள் உதவாது. ‘சமையலறைக் கழிவில் உரம்’, ‘குரோ பேக்கில் கீரையும் நாட்டுக் காய்கறியும்’, ‘வெயில் காலத்தில் செடியைக் காப்பது’ என்று மூன்று தலைப்புகள் போதும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு ரீலின் இணைப்பு. இந்தத் தலைப்புகளைப் படிக்கும்போதே பிராண்டுக்காரர் தன் பொருளுக்கு இடம் எங்கே என்று யோசிக்கத் தொடங்குவார். ‘ரசாயனப் பூச்சிக்கொல்லி விளம்பரங்கள் எடுப்பதில்லை’ என்ற ஒரு வரி, வீண் பேச்சைத் தொடக்கத்திலேயே தவிர்க்கும்.

பிராண்டுகளின் லோகோ இல்லையே என்று வருந்த வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய பொருளை வீடியோவில் காட்டியதற்காக அந்த நிறுவனத்தின் லோகோவைக் கிட்டில் ஒட்டுவது பொய். அந்த இடத்தில், ஒரு ரீலின் கீழ் ‘இந்த விதை எங்கே கிடைக்கும்?’ என்று கேட்ட கமென்டுகளின் எண்ணிக்கையைப் போடலாம். வாங்கும் எண்ணத்தோடு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

இனி விலை. அடுத்தவரிடம் விசாரித்து அதே தொகையை எழுதுவது வழக்கம். அடுத்தவரின் பார்வையாளர்கள் வேறு என்பதால் அது சரிவராது. தன் உழைப்பிலிருந்து தொடங்குவதே நல்லது. ஒரு ரீலுக்குத் திட்டமிடல், படப்பிடிப்பு, எடிட்டிங், கடிதப் போக்குவரத்து எல்லாம் சேர்த்து 12 மணி நேரம். மணிக்கு 250 ரூபாய் என்று வைத்தால் 3,000. மண், தொட்டி, போக்குவரத்துக்கு 500. ஆக 3,500-க்குக் கீழே இறங்கினால் கைக்காசு போகும். பேரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு 4,000 என்று எழுதலாம். 3,700 பார்வைக்கு 4,000 என்றால் ஒரு பார்வைக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். பிராண்டும் இதே வகுத்தலைச் செய்து பார்க்கும் என்பதால், அந்த விலைக்கான காரணம் ஊர்ப் பட்டியலிலும் கமென்டுகளிலும் தெரிய வேண்டும். மூன்று ஸ்டோரிகளுக்கு 1,200, ரீலும் மூன்று ஸ்டோரியும் சேர்ந்தால் 4,800 என்று இன்னும் இரண்டு வரிகள் போதும்.

தொகையோடு நிபந்தனையும் இருந்தால்தான் அது விலை. ஒரு முறை மட்டும் திருத்தம். தங்கள் விளம்பரத்தில் அந்த வீடியோவை பிராண்ட் ஓட்ட விரும்பினால் மாதத்துக்கு 30 சதவீதம், அதாவது 1,200 ரூபாய் கூடுதல். போட்டி நிறுவனத்தின் விளம்பரத்தை எடுக்கக்கூடாது என்றால் அதற்குத் தனிக் கட்டணம். இவற்றை எழுதாமல் விட்டவர்களின் வீடியோ, ஒரே ஒரு ரீலுக்கு வாங்கிய காசில் மாதக்கணக்கில் விளம்பரமாக ஓடுவது சாதாரணமாக நடக்கிறது.

பணத்துக்குப் பதில் பொருள் தருவதாகச் சொல்பவர்களும் உண்டு. அதையும் வருமானமாகவே பார்க்க வேண்டும். 2022 ஜூலையில் வந்த விதிப்படி, ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் தரும் பொருளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரிப்பிடித்தம் உண்டு. பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் இல்லை. பொருளாக வாங்கினாலும் காசாக வாங்கினாலும், அது விளம்பரம் என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கி 2021-லேயே இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. ‘கட்டணப் பதிவுகளில் விளம்பரம் என்ற குறிப்பு இருக்கும்’ என்று கிட்டிலேயே எழுதிவிட்டால், பிறகு யாரும் ‘அதை மட்டும் போடாதீங்க’ என்று கேட்க வழியில்லை.

பக்கத்தை ஏ4 அளவில், பிடிஎஃப் கோப்பாக வைக்கலாம். அனுப்புவதற்கு முன் ஒரு முறை போனில் திறந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் எதிர்முனையில் இருப்பவரும் அதை வாட்ஸ்அப்பிலேயே திறக்கக்கூடும். விரலால் பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா? இணைப்பைத் தொட்டால் ரீல் திறக்கிறதா? முழுப் பக்கத்தையும் படமாகச் சேமித்தால் இணைப்புகள் வேலை செய்யாது. தொடர்புக்கு மின்னஞ்சல் போதும், வீட்டு முகவரி வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு, “பட்ஜெட் 2,500தான் மேடம்” என்று பதில் வரலாம். அப்போது ரீலின் விலையை வெட்டக்கூடாது. ஒரு முறை வெட்டிய விலைதான் ஏஜென்சியின் ஷீட்டில் நிரந்தரமாக ஏறும். “இந்தத் தொகைக்கு ஆறு ஸ்டோரி செய்து தருகிறேன், 2,400 ஆகும். ரீலை அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று அவர் எழுதினால், கிட்டில் இருக்கும் விலை அப்படியே நிற்கும்.