நியூட்ரானுக்குள் மாறுவது எது?

அணுக்கருவுக்கு வெளியே தனித்து விடப்பட்ட நியூட்ரான் நிலைப்பதில்லை. சராசரியாகப் பதினைந்து நிமிடத்துக்குள் அது புரோட்டானாகிவிடும்; கூடவே ஓர் எலக்ட்ரானும் ஓர் எதிர் நியூட்ரினோவும் பாய்ந்து வெளியேறும். இதுதான் பீட்டா சிதைவு. வெளியே வந்த எலக்ட்ரான் முன்பே உள்ளே ஒளிந்திருந்தது என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. அது சிதைவின்போதுதான் பிறக்கிறது.

உள்ளே இருப்பவை குவார்க்குகள். 1964-இல் மரே கெல்மானும் ஜார்ஜ் ஸ்வைக்கும் தனித்தனியே இக்கருத்தை முன்வைத்தார்கள். மேல் குவார்க்கின் மின்சுமை +2/3. கீழ் குவார்க்கினுடையது -1/3. இரண்டு மேல், ஒரு கீழ் சேர்ந்தால் +1, அது புரோட்டான். ஒரு மேல், இரண்டு கீழ் சேர்ந்தால் சுழி, அது நியூட்ரான். மொத்த மின்சுமை இல்லாத நியூட்ரான் ஒரு சிறு காந்தம்போல நடந்துகொள்வது ஏன் என்பதும் இதனால் விளங்குகிறது: உள்ளே மின்சுமை உண்டு, கூட்டினால்தான் சுழி. நியூட்ரானின் காந்த வலிமை புரோட்டானுடையதில் -2/3 பங்கு இருக்கும் என்பது எளிய குவார்க் கணக்கு. அளந்தால் கிடைப்பது -0.685. இவ்வளவு எளிய கணக்கு இத்தனை நெருங்கி வருவது எனக்கு இன்றும் வியப்புதான்.

சிதைவில் நடப்பது ஒரே மாற்றம். ஒரு கீழ் குவார்க் மேல் குவார்க்காகிறது. குவார்க்கின் இந்த வகையைத்தான் இயற்பியலாளர்கள் 'சுவை' என்கிறார்கள். மின்சுமை -1/3-இலிருந்து +2/3-க்கு ஏறுவதால், ஓர் அலகு எதிர்மின்சுமை வெளியேறியாக வேண்டும். அதை டபிள்யூ போசான் சுமந்து சென்று, எலக்ட்ரானாகவும் எதிர் நியூட்ரினோவாகவும் பிரிகிறது. டபிள்யூவின் நிறை புரோட்டானைப்போல் ஏறக்குறைய 85 மடங்கு. அத்தனை ஆற்றல் நியூட்ரானிடம் கிடையாது. அதனால் டபிள்யூ மிக மிகக் குறுகிய கணம் மட்டுமே இடையில் தலைகாட்ட முடியும். குவார்க் உலகின் கால அளவில் பதினைந்து நிமிடம் என்பது யுகம். இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் டபிள்யூவின் கனம்.

மாற்றம் ஏன் எதிர்த்திசையில் போவதில்லை? கீழ் குவார்க் மேல் குவார்க்கைவிடக் கனமானது. மின்விசையை மட்டும் பார்த்தால் மின்சுமை கொண்ட புரோட்டானே சற்றுக் கனமாக இருந்திருக்க வேண்டும். குவார்க்குகளின் நிறை வேறுபாடு அதை மிஞ்சிவிடுவதால் நியூட்ரான் 1.29 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் கூடுதலாக இருக்கிறது. அதில் 0.51 எலக்ட்ரானை உண்டாக்கச் செலவாகிறது, மீதி 0.78 வேகமாக மாறுகிறது. தனிப் புரோட்டானிடம் இப்படி ஒரு மிச்சம் இல்லை, ஆகவே அது நியூட்ரானாக மாறாது. நீரிலுள்ள ஹைட்ரஜன் அப்படியே இருப்பது இதனால்தான்.

அணுக்கருவுக்குள் கணக்கு வேறு. அங்கே கருவின் பிணைப்பாற்றலும் சேர்ந்துகொள்கிறது. பெட் ஸ்கேனுக்காக உடலில் செலுத்தும் ஃபுளோரின்-18-இல் பெரும்பாலும் மேல் குவார்க் ஒன்று கீழ் குவார்க்காகிறது. புரோட்டான் நியூட்ரானாகி, பாசிட்ரான் வெளிவருகிறது. பிறக்கும் ஆக்சிஜன்-18 கரு இன்னும் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் அதற்கான ஆற்றல் கிடைக்கிறது. அந்தப் பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது எழும் இரு காமா கதிர்களைத்தான் கருவி பதிவு செய்கிறது.